புகையை நிறுத்தியவருக்கு ஃப்ளூ: சளி எங்கே தேங்குகிறது, தண்ணீர் குடித்தால் இளகுமா?

வெண்பா23
வகுப்பில் ஒரு கேஸ் கொடுத்திருக்கிறார்கள். 54 வயது ஆண். 30 வருடமாகத் தினம் ஒரு பாக்கெட் சிகரெட். நிறுத்தி 12 நாள் ஆகிறது. நிறுத்திய நான்காம் நாள் ஃப்ளூ வந்து, காய்ச்சல் நாலு நாளில் இறங்கிவிட்டது. ஆனால் இருமல் புகைத்த காலத்தைவிட இப்போதுதான் அதிகம். காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் இருமுகிறார். கெட்டியான மஞ்சள் சளி, பாதிதான் வெளியே வருகிறது. மூச்சு நிமிடத்துக்கு 18, ஆக்சிஜன் 96. ஸ்டெத் வைத்தால் கரகரவென்று கேட்கிறது, இருமிய பிறகு சத்தம் இடம் மாறுகிறது அல்லது நின்றுவிடுகிறது.

கேள்விகள் மூன்று. நிறுத்திய பிறகு இருமல் ஏன் கூடியது? இருமலை அடக்கும் மருந்து கொடுக்கலாமா? "தினமும் 4 லிட்டர் தண்ணீர் குடியுங்கள், சளி இளகும்" என்று சொல்லலாமா? புத்தகத்தில் மூச்சுக்குழாய்ச் சுவரின் நுண்மயிர்களான சிலியா பற்றி ஒரு பக்கமும் இருமல் பற்றி வேறொரு பக்கமும் இருக்கிறது. இரண்டும் எங்கே சேர்கின்றன என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

சும்மாஒருத்தன்
இது ஈஸிங்க. சிலியாங்கறது துடைப்பம் மாதிரி, தூசியைத் தள்ளிக்கிட்டே இருக்கும். சிகரெட் அதை மயக்கிப் போட்டுடும். ராத்திரி புகை இல்லாததால முழிச்சுக்கும், தேங்குனதையெல்லாம் தள்ளும், அதான் காலையில இருமல். நிறுத்திட்டா 24 மணி நேரமும் முழிச்சிருக்கு, அதனால இருமல் கூடுது. நல்ல அறிகுறிதான். இருமல் மருந்து குடுக்காதீங்க, தண்ணி நிறையக் குடுங்க. முடிஞ்சது.

நெஞ்சகம்
@சும்மாஒருத்தன் சொன்னதில் ஒரு பகுதி சரி. புகையில் உள்ள அக்ரோலீன், ஃபார்மால்டிஹைட், ஹைட்ரஜன் சயனைடு போன்றவை சிலியாவின் அசைவைத் தடுக்கும். ஆனால் 30 வருடம் புகைத்தவரிடம் பெரிய பிரச்சினை மயக்கம் இல்லை. தள்ளுவதற்கு அங்கே சிலியாவே குறைவு. விடிவதற்குள் விழித்துக்கொள்ள அவை தூங்கிக்கொண்டிருக்கவில்லை.

நல்ல மூச்சுக்குழாயில் நடப்பதை முதலில் பார்ப்போம். ஒவ்வொரு சிலியா செல்லின் தலையிலும் ஏறத்தாழ 200 சிலியா. ஒவ்வொன்றும் 6, 7 மைக்ரான் நீளம், நொடிக்கு 10 முதல் 15 தடவை அடிக்கும். அவை நிற்பது தண்ணீர் போன்ற மெல்லிய திரவத்தில். அந்தத் திரவத்தின் உயரமும் ஏறக்குறைய சிலியாவின் நீளமேதான். அதற்கு மேலே சளிப் படலம் மிதக்கிறது. முன்னோக்கி அடிக்கும்போது சிலியா நிமிர்ந்து நிற்கும், நுனி மட்டும் சளியின் அடிப்பக்கத்தைக் கொக்கிபோல் பிடித்து இழுக்கும். திரும்பும்போது வளைந்து, சளியைத் தொடாமல் திரவத்துக்குள்ளேயே போய்விடும். அடுத்தடுத்த சிலியா சற்றே தாமதித்து அடிப்பதால் அலை ஓடுகிறது, சளி ஒரே திசையில், குரல்வளையை நோக்கி ஏறுகிறது.

இந்த ஏற்பாடு கெட மூன்று வழி. சிலியா குறையலாம். கீழ்த்திரவம் வற்றி, சளி சிலியாவின் மேல் உட்கார்ந்து அமுக்கலாம். அல்லது சளி நுனியால் இழுக்க முடியாத அளவுக்குக் கெட்டியாகலாம். உங்கள் நோயாளிக்கு மூன்றும் நடந்திருக்கிறது.

வேகத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரிய மூச்சுக்குழல் சுமார் 11 செ.மீ. நீளம். ஆரோக்கியமானவரிடம் அங்கே சளி நிமிடத்துக்கு 5 மி.மீ. போல நகரும் என்று வைத்துக்கொண்டால், அதைக் கடக்க 22 நிமிடம். கீழே போகப் போக வேகம் குறைவு. நுனிக்கிளைகளில் நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அதனால்தான் ஆழத்தில் படிந்த துகள் வெளியேறப் பல மணி நேரம் ஆகிறது. புகைப்பவரிடம் இந்த வேகம் பாதியானால் 22 நிமிடம் 44 நிமிடம் ஆகும், அவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் பாதி வேகம் என்பது எல்லா இடத்திலும் சீராகப் பாதி இல்லை. சில திட்டுகளில் சிலியா செல்களே போய், தோல் மாதிரித் தட்டையான செல்கள் வந்திருக்கும். அங்கே வேகம் பூஜ்யம். பின்னாலிருந்து வரும் சளி அந்தத் திட்டின் ஓரத்தில் குவியும். தாண்ட வேண்டுமென்றால் இருமல் ஒன்றுதான் வழி.

நீங்கள் கேட்ட சேருமிடம் அதுதான். சிலியா கைவிட்ட இடத்தில் இருமல் பொறுப்பேற்கிறது. பிறவியிலேயே சிலியா அசையாதவர்கள் இருக்கிறார்கள். சிலியாவுக்குள் இருந்து அதை அசைக்கும் டைனீன் என்ற புரதக் கைகள் இல்லாததுதான் காரணம் என்று 1976இல் அஃப்சீலியஸ் காட்டினார். அவர்கள் வாழ்நாள் முழுக்க இருமிக்கொண்டே காலம் தள்ளுகிறார்கள். மூச்சுக்கிளைகள் விரிந்து கெட்டுப்போகின்றன, ஆனாலும் உயிரோடிருக்கிறார்கள். இருமலும் இல்லாதிருந்தால் அது நடக்காது.

வெண்பா23
அப்படியென்றால் காலை இருமலுக்குக் காரணம் "சிலியா விழித்தது" இல்லையா?

நெஞ்சகம்
அதைவிட எளிய விளக்கம் இருக்கிறது. தூக்கத்தில் சளியின் நகர்வு மெதுவாகும். இருமல் அனிச்சையும் தூக்கத்தில் அடங்கிவிடும். தூங்கும்போது இருமுகிறவர் பெரும்பாலும் முதலில் விழிப்புக்கு வந்துதான் இருமுகிறார். ஏழு மணி நேரம் சேர்ந்தது, எழுந்து நிமிர்ந்ததும் பெரிய குழல்களின் சுவரை உரசுகிறது, அங்கே இருக்கும் நரம்பு முனைகள் தட்டப்படுகின்றன. இதற்குச் சிலியா விழிக்கத் தேவையே இல்லை.

பிசியோ_மலர்
இருமல் பக்கத்தை நான் சொல்கிறேன்.

குரல்வளையிலும் மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்திலும் உணர்வு முனைகள் அதிகம். தகவல் வேகஸ் நரம்பு வழியாக முகுளத்துக்குப் போகும். பிறகு வரிசையாக நடப்பவை: ஆழமாக மூச்சை இழுப்பது, குரல்நாண்களை மூடி வயிற்றுத் தசைகளையும் விலாத் தசைகளையும் இறுக்குவது, சடாரென்று திறப்பது. மூடியிருப்பது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். அந்த நேரத்துக்குள் நெஞ்சுக்குள் அழுத்தம் 100 மி.மீ. பாதரசத்தைத் தாண்டிவிடும். பலமான இருமலில் இன்னும் மேலே போகும். திறந்ததும் காற்று நொடிக்கு 6 லிட்டர், சிலரிடம் 12 லிட்டர் வேகத்தில் பாயும்.

அடுத்தது முக்கியம். பெரிய மூச்சுக்குழலின் குறுக்குப் பரப்பு 2.5 சதுர செ.மீ. என்று வையுங்கள். நொடிக்கு 6 லிட்டர், அதாவது 6000 கன செ.மீ. அதன் வழியே போனால் காற்றின் வேகம் நொடிக்கு 24 மீட்டர். இருமும்போது குழலின் பின்சுவர் உள்ளே அமுங்கிப் பரப்பைக் குறைப்பதால் உண்மையில் இதைவிட அதிகம். இந்தக் காற்று சளியைச் சுவரிலிருந்து உரித்தெடுத்துவிடும். இப்போது குழல் 16ஆவது தடவை கிளைத்த இடத்துக்குப் போங்கள். அங்கே எல்லாக் கிளைகளையும் சேர்த்தால் பரப்பு ஏறக்குறைய 180 சதுர செ.மீ. அதே 6 லிட்டரை அதில் பங்கு போட்டால் நொடிக்கு 33 செ.மீ. அது சளியை அசைக்காது. இருமல் பெரிய குழலிலிருந்து ஆறேழு கிளை வரைக்கும்தான் உண்மையில் பயன்படும். அதற்குக் கீழே சிலியாவை விட்டால் ஆள் இல்லை.

அதனால்தான் உங்கள் கேஸில் "இருமிய பிறகு சத்தம் இடம் மாறுகிறது" என்ற வரி எனக்குப் பிடித்தது. பெரிய குழலில் இருக்கும் சளிதான் அப்படி நகரும். இருமினாலும் மாறாமல், மூச்சை இழுத்து முடிக்கும் தறுவாயில் நெருப்பில் உப்புப் போட்டது போன்ற மெல்லிய வெடிப்புச் சத்தம் ஒரே இடத்தில் கேட்டால், சளி அல்லது நீர் ஆழத்தில் இருக்கிறது. அங்கே "நல்லா இருமுங்க" என்று சொல்வதால் மட்டும் பலன் இல்லை.

இரவுப்பணி
இதைப் படித்ததும் என் அம்மா பற்றிக் கேட்கணும்னு தோணுது, தப்பா நினைக்காதீங்க. பக்கவாதம் வந்து மூணு மாசம். சாப்பிடும்போது இருமலே வர்றதில்லை. மலர் மேடம், அப்போ அவங்க மூச்சுக்குழாய் சுத்தமா இருக்குன்னுதானே அர்த்தம்? சிலியா நல்லா வேலை செய்யுது போல.

பிசியோ_மலர்
சார், அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. பக்கவாதத்துக்குப் பிறகு இருமல் இல்லை என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. உணவு மூச்சுக்குழலுக்குள் போகவில்லை என்பது ஒன்று. போகிறது, ஆனால் அனிச்சை எழவில்லை என்பது மற்றொன்று. வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. சத்தமில்லாமல் உள்ளே இறங்குவதுதான் ஆபத்தானது, ஏனென்றால் வீட்டில் யாருக்கும் எச்சரிக்கை கிடைக்காது.

கவனிக்க வேண்டியவை: குடித்த பிறகு குரல் ஈரமாக, கொழகொழவென்று மாறுகிறதா, சாப்பிட்ட பின் மூச்சு வேகமாகிறதா, காரணம் தெரியாமல் மாலையில் லேசாகக் காய்ச்சல் வந்து போகிறதா, எடை குறைகிறதா. இதில் எது இருந்தாலும் விழுங்குதலைச் சோதிக்கும் நிபுணரிடம் காட்டுங்கள். ஊடுகதிர் வீடியோவோ மூக்கு வழியாகக் கேமராவோ வைத்துப் பார்ப்பார்கள். அதுவரை நேராக உட்கார வைத்து, சிறு சிறு வாயாகக் கொடுங்கள், சாப்பிட்ட பிறகு அரை மணி நேரமாவது படுக்க வைக்காதீர்கள். வாயைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். உள்ளே இறங்கும் எச்சிலில் கிருமி குறைந்தால் நிமோனியாவும் குறைகிறது.

இரவுப்பணி
குரல் மாறுவது இருக்கு மேடம். இந்த வாரமே கூட்டிட்டுப் போறேன்.

ஐயப்பாடு
திரும்ப கேஸுக்கு வருவோம். எனக்குத் தண்ணீர் விஷயத்தில்தான் சந்தேகம். எல்லாரும் சொல்கிறார்கள், ஆதாரம் எங்கே? குடிக்கும் தண்ணீர் இரைப்பைக்குப் போகிறது, சளி மூச்சுக்குழாயில் இருக்கிறது. நடுவில் வழி என்ன?

சும்மாஒருத்தன்
ரத்தம்தான் வழி. ரத்தத்துல தண்ணி கூடுனா எல்லா இடத்துலயும் கூடும். காய்ச்சல்ல நாக்கு வறண்டு போகுது, குடிச்சா ஈரமாகுது. சளியும் அப்படித்தான்.

நெஞ்சகம்
ரத்தம் வழி என்பது சரி. ஆனால் கதவைத் திறப்பது உப்பு. மூச்சுக்குழாய்ச் செல்கள் குளோரைடை வெளியே தள்ளும்போது தண்ணீர் அதன் பின்னால் வருகிறது. சோடியத்தை உள்ளே உறிஞ்சும்போது தண்ணீரும் உள்ளே போய்விடுகிறது. அந்த மெல்லிய திரவத்தின் உயரம் இந்த இரண்டு வேலைகளின் மிச்சம். குளோரைடு வாசல் பிறவியிலேயே பழுதானால் வருவதுதான் சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ். சிகரெட் புகையும் அதே வாசலின் வேலையைக் குறைக்கிறது. உங்கள் நோயாளி புகைத்த காலம் முழுக்க அவர் செல்களில் அந்த வாசல் பாதி சாத்தியிருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ரத்தத்தில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் வாசல் திறக்காவிட்டால் சளிக்கு வராது.

நல்ல சளியில் நூற்றுக்கு 97, 98 பங்கு தண்ணீர், திடப்பொருள் 2 பங்கு போலத்தான். திடப்பொருள் 2லிருந்து 4 ஆனால் தண்ணீர் 98லிருந்து 96ஆகத்தான் குறைந்தது, பெரிய விஷயமில்லை என்று தோன்றும். ஆனால் சளிக்குப் பசைத்தன்மை தரும் புரதமான மியூசின் இருமடங்காகிவிட்டது. கெட்டித்தன்மை அதைவிடப் பல மடங்கு ஏறும். இன்னும் செறிந்தால் சளி கீழ்த்திரவத்திலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டு சிலியாவையே அமுக்கிவிடும். அந்த நிலையில் சளி சுவரோடு ஒட்டிக்கொள்கிறது, பலமான இருமலும் உரித்தெடுக்கத் திணறும்.

இப்போது ஆதாரம். உடலில் நீர் வற்றிய நாய்களில் மூச்சுக்குழல் சளியின் வேகம் குறைந்தது, நீர் ஏற்றியதும் திரும்பியது என்று ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சி உள்ளவர்களுக்கு அதிகத் தண்ணீர் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வு 1987இல் வந்தது. சளியின் அளவிலோ வெளிவரும் எளிமையிலோ மாற்றம் இல்லை. இரண்டையும் சேர்த்தால், வற்றியிருந்தால் ஈடுகட்டுங்கள், அதற்கு மேல் ஊற்றுவதால் லாபம் இல்லை என்றுதான் படுகிறது. 4 லிட்டர் என்ற எண்ணுக்கு அடிப்படை கிடையாது. நுரையீரல் தொற்றில் சிலருக்குச் சிறுநீரை அடக்கும் ஹார்மோன் கூடி இரத்தத்தில் சோடியம் குறையும். அவர்களிடம் வலுக்கட்டாயமாகத் தண்ணீர் ஊற்றினால் குழப்பம், வலிப்பு வரை போகலாம். இதய, சிறுநீரக நோய் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

வற்றியிருக்கிறாரா என்று சிறுநீரைக் கேளுங்கள். அடர் மஞ்சளாக, குறைவாகப் போனால் ஈடுகட்ட வேண்டும். வெளிர் மஞ்சளாகப் போகிறவர் ஏற்கெனவே போதுமான அளவு குடிக்கிறார்.

ஐயப்பாடு
சரி, குடிப்பதை விடுங்கள். வெளிக்காற்றால் உலர்வது?

நெஞ்சகம்
அதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. 22 டிகிரியில், பாதி ஈரப்பதம் உள்ள அறைக்காற்றில் லிட்டருக்கு சுமார் 10 மில்லிகிராம் நீராவி. நுரையீரல் ஆழத்தில் 37 டிகிரி, முழு ஈரம், லிட்டருக்கு 44. ஒவ்வொரு லிட்டருக்கும் 34 மில்லிகிராமை மூக்கும் மேல் குழல்களும் சேர்க்க வேண்டும். நிமிடத்துக்கு 6 லிட்டர் மூச்சு என்றால் 200 மில்லிகிராம், மணிக்கு 12 கிராம், எட்டு மணி நேர இரவில் 100 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. மூக்கால் மூச்சு விட்டால் வெளிவரும் காற்றிலிருந்து ஒரு பகுதியை மூக்கே திரும்பப் பிடித்துக்கொள்ளும்.

மூக்கு அடைத்து வாயால் விட்டால் அந்த மீட்பு பெருமளவு போய்விடும். ஈரமூட்டும் வேலையும் மூக்கிலிருந்து மூச்சுக்குழலுக்கு இறங்குகிறது. உடலின் மொத்த நீரில் இது சொற்பம். ஆனால் இழப்பு நடப்பது சில பத்து மைக்ரான் கனமே உள்ள படலத்தில். உப்பு வாசல் பழுதானவரால் அந்த இழப்பை உடனுக்குடன் நிரப்ப முடிவதில்லை. ஃப்ளூவில் மூக்கடைப்போடு வாயைத் திறந்து தூங்கிய உங்கள் நோயாளிக்குக் காலைச் சளி இவ்வளவு கெட்டியாக இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தவர்களுக்கு மூக்கே கணக்கில் இல்லை. அவர்களுக்கு ஈரமூட்டி வைக்காவிட்டால் சளி காய்ந்து குழாயையே அடைத்துவிடும்.

சும்மாஒருத்தன்
அப்போ ஆவி பிடிக்கலாம்ல? அது நேரா அங்கேயே போகுது.

பிசியோ_மலர்
இதமாக இருக்கும், மூக்கு கொஞ்சம் திறக்கும். ஆனால் சளியின் செறிவை மாற்றும் அளவு தண்ணீர் கீழ்க்கிளைகளில் இறங்குகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து வெந்து போகிறவர்கள் உண்டு, குறிப்பாகக் குழந்தைகள். எனக்குத் தெரிந்தவரை நேரடியாகப் படலத்துக்குத் தண்ணீர் இழுக்கும் முறை செறிவான உப்புக் கரைசலை நெபுலைசரில் கொடுப்பது. சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸில் 7 சதவீதக் கரைசல், 4 மில்லி, தினம் இருமுறை என்பது சோதித்துப் பார்த்த முறை. அது மூச்சுக்குழலை இறுக்கிவிடலாம் என்பதால் முன்னதாகக் குழல் விரிக்கும் மருந்து கொடுப்பார்கள். புகைத்தவர்களுக்கு அதே பலன் கிடைக்குமா என்பது தெளிவாகவில்லை. வீட்டில் உப்பைக் கரைத்து நெபுலைசரில் ஊற்றக் கூடாது, கிருமி நீக்கம் செய்த கரைசல்தான்.

வெண்பா23
ஃப்ளூ என்ன செய்தது என்று இன்னும் யாரும் சொல்லவில்லையே.

நெஞ்சகம்
ஃப்ளூ வைரஸ் சிலியா செல்களுக்குள்ளேயே பெருகி அவற்றைக் கொல்லும். செத்த செல்கள் தகடு தகடாக உரிந்து விழும். சில இடங்களில் அடித்தளச் செல்களின் ஒரு வரிசைதான் மிஞ்சும். அங்கிருந்து புதுச் சிலியா செல் வளர்ந்து சீராக அடிக்கச் சில வாரங்கள் ஆகும். காய்ச்சல் நாலு நாளில் போகலாம், படலம் நாலு நாளில் திரும்பாது. உரிந்த இடத்தில் நரம்பு முனைகள் மூடி இல்லாமல் நிற்கும். குளிர்ந்த காற்று, சிரிப்பு, பேச்சு எல்லாம் இருமலைக் கிளப்பும். தொற்றுக்குப் பிந்தைய இருமல் மூன்று முதல் எட்டு வாரம் நீடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சளியைக் கெட்டியாக்குவது இன்னொன்று. வந்து சேர்ந்த வெள்ளணுக்கள் சிதையும்போது அவற்றின் டி.என்.ஏ. நீண்ட இழைகளாகச் சளியில் கலந்து பசையாக்கும். மஞ்சள், பச்சை நிறம் அந்த அணுக்களின் நொதியால் வருவது. வைரஸ் தொற்றிலும் வரும். அதனால் நிறத்தை மட்டும் பார்த்து ஆன்டிபயாட்டிக் எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பயப்பட வேண்டியது, உரிந்த இடத்தில் நிமோகாக்கஸ், ஸ்டாஃப் போன்ற பாக்டீரியா ஒட்டுவது. தொண்டையில் இயல்பாக இருக்கும் கிருமி ஆழத்தில் இறங்கினால் ஏற்றி அனுப்பச் சிலியா இல்லை. நிமோகாக்கஸ் விடும் நச்சு மிச்சமிருக்கும் சிலியாவையும் மெதுவாக்கும். அதைக் காட்டிக்கொடுப்பது காய்ச்சலின் போக்கு: இறங்கி ஓரிரு நாள் நன்றாக இருந்து மறுபடி ஏறும். கூடவே மூச்சு வேகமாகும், ஒரு பக்கம் நெஞ்சு குத்தும், சளியில் ரத்தக் கீற்று வரலாம். கேஸில் மூச்சு 18, ஆக்சிஜன் 96, காய்ச்சல் திரும்பவில்லை. இப்போதைக்கு அந்தப் பாதையில் இல்லை. மூச்சு 30ஐத் தொட்டால் அன்றே மருத்துவமனை.

ஐயப்பாடு
முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. நிறுத்தியதால் கூடியதா, ஃப்ளூவால் கூடியதா?

நெஞ்சகம்
இந்தக் கேஸில் பிரிக்க முடியாது. நிறுத்தியவர்களில் பலருக்கு ஒரு மாதத்துக்குள் இருமல் குறைகிறது. சிலருக்கு முதல் வாரங்களில் கூடுகிறது. புகைப்பவர்களுக்கு மிளகாயின் காரப்பொருளான காப்சைசின் ஆவி கொடுத்து இருமல் எப்போது எழுகிறது என்று பார்த்தால், புகைக்காதவர்களைவிட அதிகச் செறிவு தேவைப்படுகிறது. அனிச்சை மழுங்கியிருக்கிறது. நிறுத்திய சில வாரங்களில் கூர்மை திரும்புகிறது. ஆகவே முன்பு தட்டுப்படாமல் கிடந்த சளி இப்போது உணரப்படுகிறது என்பது ஒரு விளக்கம். சிலியா மீண்டதால் அதிகச் சளி மேலே வருகிறது என்பது @சும்மாஒருத்தன் சொன்ன விளக்கம். 12 நாளில், அதுவும் ஃப்ளூவோடு, சிலியா அவ்வளவு மீண்டிருக்கும் என்று நான் நம்பவில்லை.

சும்மாஒருத்தன்
ரெண்டும் சேர்ந்துகூட இருக்கலாம்ல. நீங்க நம்பலேன்னு சொல்றீங்க, இல்லைன்னு நிரூபிக்கலையே.

நெஞ்சகம்
இருக்கலாம். இருமல் கூடுகிறது என்று அவர் மறுபடி பற்றவைக்காமல் இருந்தால் எனக்கு எந்த விளக்கமும் சம்மதம்.

வெண்பா23
இருமல் அடக்கும் மருந்து?

பிசியோ_மலர்
சளி பாதி உள்ளே நிற்கும்போது கூடவே கூடாது. கேஸில் அவருக்கு மீதியிருக்கும் ஒரே வழி இருமல்தான். கடையில் விற்கும் சில கலவைகளில் தூக்கம் தரும் ஒவ்வாமை மருந்தும் இருக்கும். அது சுரப்பை உலர்த்தும், இன்னும் மோசம்.

நெஞ்சகம்
பகலில் உங்களோடு உடன்படுகிறேன். இரவு முழுக்கச் சளியே வராத வறட்டு இருமலால் தூங்காதவருக்குச் சில இரவுகள் கொடுப்பதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். மூச்சை அடக்கும் வகை மருந்துகளை மட்டும் நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவருக்குத் தர மாட்டேன்.

பிசியோ_மலர்
இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை :) இரவில் மட்டும் என்று எழுதியதைக் காலையிலும் குடிக்கிறார்கள்.

அடக்குவதற்குப் பதில் செய்யச் சொல்வது ஹஃப். நேராக உட்கார வைத்து, 20, 30 நொடி சாதாரணமாக மூச்சு. பிறகு மூன்று நாலு ஆழமான மூச்சு, ஒவ்வொன்றிலும் முழுதாக இழுத்ததும் மூன்று நொடி நிறுத்தம். அடைத்த சளிக்குப் பின்னால் காற்று போய்ச் சேர்வதற்கு அந்த நிறுத்தம். மறுபடி சாதாரண மூச்சு. இப்போது பாதி மூச்சு இழுத்து, வாயையும் குரல்வளையையும் திறந்து வைத்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவது போல ஆனால் வயிற்றை இறுக்கி நீளமாக ஊதணும். இது சின்னக் குழல்களிலிருந்து மேலே கொண்டுவரும். சளி தொண்டைக்கு அருகில் வந்த சத்தம் கேட்டதும் முழு மூச்சு இழுத்துக் குறுகிய, பலமான ஹஃப். அல்லது ஒரே ஒரு இருமல். 10 முதல் 20 நிமிடம் இந்தச் சுற்று, காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை.

அவர் இப்போது செய்வது அரை மணி நேரத் தொடர் இருமல். ஒவ்வொரு இருமலிலும் நெஞ்சுக்குள் காற்று குறைகிறது, நாலாவது இருமலில் ஊதித் தள்ள ஒன்றும் மிச்சமில்லை. குழல்கள் அமுங்கிச் சளி பின்னால் மாட்டிக்கொள்ளும், தசை களைத்துப் போகும். பாதி வெளியே வராததற்கு அதுவும் காரணம்.

ஐயப்பாடு
இருமல் போதுமான பலத்தோடு இருக்கிறதா என்று அளக்க முடியுமா, கண்ணால் பார்த்துச் சொல்வதைத் தவிர?

பிசியோ_மலர்
முடியும். ஆஸ்துமாவுக்குப் பயன்படும் பீக் ஃப்ளோ மீட்டரை முகமூடியோடு இணைத்து, முழு மூச்சு இழுத்து அதற்குள் இருமச் சொல்ல வேண்டும். மூன்று முயற்சியில் அதிகமானதை எடுக்கணும். ஆரோக்கியமான பெரியவரிடம் நிமிடத்துக்கு 360 லிட்டருக்கு மேல் வரும். 270க்குக் கீழே இருந்தால் சாதாரணச் சளிக்காய்ச்சலில்கூடத் தேக்கம் வரலாம். 160க்குக் கீழே இருமல் பலனில்லை, கையால் அழுத்தியோ இயந்திரம் வைத்தோ உதவணும். இந்த எல்லைகள் தசை பலவீன நோயாளிகளிடம் வகுத்தவை, புகைத்தவரிடம் அப்படியே பொருத்தக் கூடாது. குழல் அடைப்பு இருந்தால் தசை நன்றாக இருந்தும் எண் குறையும்.

வெண்பா23
நான் எழுதப்போவது: தண்ணீர் தாகத்துக்கும் சிறுநீர் நிறத்துக்கும் ஏற்ப. மூக்கடைப்பைச் சரிசெய்து மூக்கால் மூச்சு. இருமல் அடக்கும் மருந்து பகலில் இல்லை. ஹஃப் இருவேளை. காய்ச்சல் திரும்பினால், மூச்சு வேகமானால், ரத்தம் வந்தால் உடனே வரச் சொல்வது. சளி இளக்கும் மாத்திரை பற்றி ஒன்றும் எழுதவில்லை, சேர்க்கணுமா?

நெஞ்சகம்
மாத்திரைகள் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. நாள்பட்ட அழற்சியில் சிலருக்குத் திடீர் மோசமடைதல் சற்றுக் குறைகிறது. ஒரு வாரச் சளியில் பெரிய வித்தியாசம் நான் எதிர்பார்க்க மாட்டேன். விட்டதில் தவறில்லை.

ஆனால் ஒன்று சேருங்கள். 30 வருடம் புகைத்த 54 வயதுக்காரர். இந்த இருமல் ஃப்ளூ கணக்கில் போய்விடக் கூடாது. இரண்டு வாரம் தாண்டினால் மார்பு ஊடுகதிர், சளியில் காசநோய்ச் சோதனை. ரத்தம் ஒரு கீற்று வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி இப்போது வேண்டாம், தொற்று அடங்கி ஆறு வாரம் போல ஆனதும் செய்யுங்கள். இப்போது செய்தால் வரும் அடைப்பு ஃப்ளூவுடையதா புகையுடையதா என்று தெரியாது.

ஐயப்பாடு
ஆறு வாரம் எதற்கு? நாலு போதாதா?

நெஞ்சகம்
நாலிலும் செய்கிறார்கள். படலம் முழுதாகத் திரும்ப எடுக்கும் நேரம் ஆளுக்கு ஆள் மாறுவதால் நான் தள்ளிப்போடுகிறேன். நாலாவது வாரத்தில் செய்து அடைப்பு தெரிந்தால், இரண்டு மாதம் கழித்து இன்னொரு தடவை ஊதச் சொல்லிவிடுங்கள்.